போகும் சொல்லும் திரும்பி வரும் சொல்லும்
(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனின் நினைவில் நாம் இங்கே கூடியிருக்கிறோம். 1893இல் அவர் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். ஊர் எதை வசவாகச் சொன்னதோ, அதையே தலைப்பில் அச்சிட்டு விலை வைத்து விற்றார். 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா வேறொரு வழியை எடுத்தார். அரசு ஆவணங்களில் பழைய பெயர்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என்று எழுத வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவரும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கிய பரங்கிமலையில் பிறந்தவர்தான். ஒருவர் சொல்லைக் கைப்பற்றினார், ஒருவர் சொல்லை மாற்றினார். நம்மை எப்படி அழைக்கிறார்கள் என்பது அரசியல் கேள்வி என்பதில் இருவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

இந்தக் கேள்வியை இன்று கடல் தாண்டி எடுத்துப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் மனிதர்களை விளிக்கிற சொற்கள் சில உண்டு: பாபாக், இபு, என்சிக், புவான், துவான். இவற்றை யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. செங்கல்பட்டில் உட்கார்ந்து மலாய்ச் சொற்களைப் பேசுவானேன் என்று கேட்கலாம். நம் பாட்டன்மார் இந்தச் சொற்களின் நடுவே போய் வாழ்ந்தார்கள் என்பதுதான் காரணம்.

ஆண்டையிலிருந்து துரைக்கு

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் இம்மாவட்டப் பறையர் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் என்று இன்று நாம் பேசுவதெல்லாம் அந்த அறிக்கையிலிருந்து கிளைத்ததுதான். மிராசுதாரின் பிடி நிலத்தோடு நிற்கவில்லை. குடியிருக்கும் மனைவரைக்கும் இருந்தது. படியாளாக இருந்தவருக்கு வாயில் வரும் விளிச்சொற்கள் இரண்டு: 'ஆண்டை', 'சாமி'. அவருக்குத் திரும்பி வந்த சொற்களும் இரண்டு: பெயரின் முதல் பாதி, அதன் பின்னால் ஒரு 'டா'. அறுபது வயதுக் கிழவரை ஆறு வயதுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஊர் அதை மரியாதைக் குறைவாகவே நினைக்காது.

வட தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து மலாயாவுக்குப் போன தொழிலாளரில் பலர் இப்படிப்பட்ட சேரிகளிலிருந்து போனவர்கள். கங்காணி வந்து ஆள் கட்டுவார். கப்பல் ஏறும் முன் தங்கவைக்க ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. 1938இல் தடை வரும் வரைக்கும் இப்படித்தான் ஆள் போனது. ரப்பர் தோட்டத்தில் இறங்கியதும் ஆண்டை மறைந்து, துரை வந்தார். வெள்ளைக்கார நிர்வாகி 'பெரிய துரை', அவருக்குக் கீழிருந்தவர் 'சின்ன துரை', கணக்கு எழுதுகிறவர் 'கிராணி', வேலை வாங்குகிறவர் 'கங்காணி'. அதே நிர்வாகியை மலாய் பேசுகிறவர்கள் 'துவான் பெசார்' என்றார்கள். பெரிய எசமான் என்று பொருள். அவருடைய உதவியாளர் 'துவான் கெச்சில்', சின்ன எசமான். இரண்டு மொழிகளும் ஒரே ஏணியை வைத்துத்தான் பேசின.

ஆனால் தோட்டத்துக்கு வெளியே வேறொரு வழக்கம் இருந்தது. நம் ஆட்கள் அங்கேதான் புதிதாக ஒன்றைக் கேட்டார்கள். அது புரிய, மலாய் மொழியில் 'நீ' எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

'நீ' இல்லாமல் பேசுவது

தமிழில் மரியாதை இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று, 'நீ', 'நீங்கள்' என்ற சொல்லில். இன்னொன்று வினைச்சொல்லின் வாலில். 'வந்தியா?' என்பதற்கும் 'வந்தீங்களா?' என்பதற்கும் நடுவே 'நீ'யைச் சொல்லவே வேண்டாம், வால் காட்டிக்கொடுத்துவிடும். மலாய் வினைக்கு இந்த வால் கிடையாது. 'டாத்தாங்' என்றால் வருதல். எசமான் வந்தாலும் அதே சொல், அடிமை வந்தாலும் அதே சொல். ஆகவே மரியாதையின் சுமை முழுவதும் விளிச்சொல்லின் தலையில் விழுகிறது.

'நீ' என்பதற்கு அந்த மொழியில் சொற்கள் இல்லாமல் இல்லை. 'எங்காவ்' என்பதும் 'காமு' என்பதும் நெருங்கியவரிடம், இளையவரிடம் சொல்பவை. பெரியவரிடமோ அறிமுகமில்லாதவரிடமோ சொன்னால் அறைந்தது போல இருக்கும். அதனால் 'நீ' வர வேண்டிய இடத்தில் உறவுச் சொல்லையோ பட்டத்தையோ வைத்துவிடுவார்கள். 'பாபாக் எங்கே போக வேண்டும்?' என்றால் எதிரே நிற்கிற பெரியவரையே கேட்கிறார்கள். நாமும் 'ஐயாவுக்கு எந்த ஊர்?' என்று கேட்பதில்லையா, அது போலத்தான். நமக்கு அது எப்போதாவது; அவர்களுக்கு அது அன்றாடம்.

இதன் விளைவைக் கவனியுங்கள். அந்த மொழியில் ஒருவரிடம் வாய் திறக்கும் முன், அவர் நமக்கு யார் என்று ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அப்பா வயதா, அண்ணன் வயதா, தம்பி வயதா? பட்டம் உள்ளவரா? இந்த முடிவை எடுக்க அந்தச் சமூகம் முதலில் கேட்பது வயது. அடுத்து பதவி, பட்டம். பிறந்த தெரு எது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. அரச குடும்பத்துக்கும் பிரபுக்களுக்கும் தனிச் சொற்கள் உண்டு. பிறப்பு அங்கே வரும். ஆனால் சாதாரண மக்களுக்குள் வயதுதான் முதல் அளவுகோல்.

ஒரு நாள், ஒரு பெண்

ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக்கொள்வோம். கிள்ளானில் வாழும் ஐம்பத்தைந்து வயதுத் தமிழ்ப் பெண். முனியம்மா என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவருடைய அடையாள அட்டையில் பெயருக்குப் பின் 'ஆனாக் பெரெம்புவான்', அதாவது இன்னாரின் மகள் என்று போட்டுத் தகப்பன் பெயர் இருக்கும். குடும்பப் பெயரும் இல்லை, சாதிப் பெயரும் இல்லை.

காலையில் அரசு மருத்துவமனைக்குப் போகிறார். சீட்டு கொடுக்கிற பெண் 'புவான் முனியம்மா' என்று அழைக்கிறார். 'புவான்' என்பது மணமான பெண்ணுக்கு, அல்லது வயது வந்த, மதிக்கத்தக்க பெண்ணுக்கு உரிய சொல். மணமாகாத இளம்பெண்ணாக இருந்தால் 'சிக்' என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண் 'என்சிக்'. இதை எழுதும்போது 'சி' என்றாலும் 'ச்சி' என்று அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டம் எதுவும் இல்லாத எந்த ஆணுக்கும் என்சிக் பொருந்தும். பெயரோடும் சொல்லலாம், பெயர் தெரியாவிட்டால் தனியாகவும் சொல்லலாம். ஆனால் அவருடைய சொந்தப் பெயரோடுதான் சொல்ல வேண்டும். 'இன்னாரின் மகன்' என்பதில் வரும் தகப்பன் பெயரோடு சேர்த்து என்சிக் என்றால், அங்கே இல்லாத ஒரு மனிதரைக் கூப்பிடுகிறோம் என்று பொருள். வெள்ளைக்காரப் பழக்கத்தில் கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டு கடிதம் எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்கிற தவறு இது.

மருத்துவமனைக்கு வெளியே ஒரு மலாய்ப் பையன் வழி விடுகிறான். அவன் புவான் என்று சொல்லமாட்டான், 'மாக்சிக்' என்பான். சின்னம்மா, அத்தை என்று வைத்துக்கொள்ளலாம். ஆணாக இருந்தால் 'பாக்சிக்'. முனியம்மாவின் இனத்தையும் மதத்தையும் பார்த்து அந்தச் சொல்லை அவன் நிறுத்தி வைப்பதில்லை. சந்தையில் அவரைவிடக் கொஞ்சம் இளையவரான காய்கறிக்காரி 'காகாக்' என்கிறார், அக்கா. முனியம்மா மீன் வெட்டுகிறவரை 'அபாங்' என்கிறார், அண்ணன். பேத்தியின் பள்ளியில் ஆசிரியரை 'சிக்கு' என்கிறார். என்சிக்கும் குருவும் சேர்ந்து சுருங்கிய சொல் அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அங்கே 'என்சிக்' என்று மட்டும் சொன்னால் ஆசிரியரை ஒரு படி இறக்கியதாக ஆகும். 'டத்தோ' பட்டம் பெற்றவரை என்சிக் என்றாலும் அப்படியே.

திரும்பும் வழியில் போக்குவரத்துக் காவலர் நிறுத்துகிறார். இப்போது முனியம்மாவின் வாயில் வரும் சொல் 'துவான்'. காவல்துறை, ராணுவம், அரசு அலுவலகத்தின் மேல்மேசை ஆகிய இடங்களில் அந்தச் சொல் மலேசியாவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. மாலையில் வங்கி அனுப்பிய படிவத்தைப் பிரிக்கிறார். அதில் 'அன்டா' என்று இருக்கிறது. முகம் தெரியாத வாசகருக்கு, விளம்பரத்தில், படிவத்தில் எழுதுகிற 'நீங்கள்' அது. ஒரு பெரியவரின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னால் குளிர்ந்த சொல்லாகப் படும்.

ஒரே நாளில் ஒரே பெண் புவான், மாக்சிக், காகாக், அன்டா என்று நான்கு பெயர் பெற்றார். நான்கிலும் அவர் கீழே தள்ளப்படவில்லை.

கடலைத் தாண்டினால் மாறுகிறது

இதே முனியம்மா மலாக்கா நீரிணையைத் தாண்டி சுமத்ராவின் மேடான் நகருக்குப் போகிறார் என்று வையுங்கள். அங்கேயும் தமிழர் தோட்டக் கூலிகளாகப் போனதுண்டு. அவர்கள் வாழ்ந்த பகுதி 'கம்போங் கெலிங்' என்றிருந்தது. இன்று அதன் பெயர் 'கம்போங் மெட்ராஸ்'. 'கெலிங்' என்பது கலிங்கம் என்பதிலிருந்து வந்த பழைய சொல். பிறகு அது நம்மவரை இழிவாகச் சொல்லும் சொல்லாகத் தேய்ந்தது. நாடு என்று தொடங்கி வசவாக முடிந்த சொல்லுக்கு அது ஓர் உதாரணம்.

மேடானில் முனியம்மா 'இபு'. அம்மா என்பது அதன் நேர்ப்பொருள். கடைக்காரர், மருத்துவர், மாணவர், அமைச்சர் என்று யாரும் வளர்ந்த எந்தப் பெண்ணையும் இபு என்று அழைக்கலாம், சுருக்கமாக 'பு'. ஆண் 'பாபாக்', சுருக்கமாக 'பாக்'. கடைசி 'க்' தொண்டையிலேயே நின்றுவிடும், வெளியே கேட்காது. நாட்டின் அதிபருக்கும் அதே பாக், கார் ஓட்டுகிறவருக்கும் அதே பாக். ஆசிரியை தன் மாணவர்களிடம் பேசும்போது 'நான்' என்பதற்குப் பதிலாகவே 'இபு' என்பார். இளைஞர் என்றால் ஜாவா வழக்கில் ஆணுக்கு 'மாஸ்', பெண்ணுக்கு 'ம்பாக்'.

குழப்பம் இங்கேதான் வரும். மலேசியாவில் இபு என்றால் பெற்ற தாய். அலுவலகத்தில் ஓர் அதிகாரியை இபு என்றால் அவர் புருவத்தை உயர்த்துவார். ஜகார்த்தாவில் ஒருவரை என்சிக் என்றால் மலேசியாவிலிருந்து வந்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். துவான் என்ற சொல்லோ அங்கே பெரும்பாலும் கழன்றுவிட்டது. மொழிபெயர்ப்புக் கதைகளிலும் வெளிநாட்டவரிடத்தும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே மொழிக் குடும்பம், ஒரே சொற்கள். ஒரு நாட்டில் துவான் இருக்கிறது, இன்னொரு நாட்டில் போய்விட்டது. அது தானாகப் போகவில்லை.

அடிமை என்று தொடங்கிய 'நான்'

இந்த மொழியின் பழைய அடுக்கைக் கொஞ்சம் தோண்டுவோம். அதற்கு நாம் மாமல்லபுரம் கரையில் நின்றுகொள்வது வசதி. பல்லவர் காலத்தில் இந்தக் கரையில் கல்லில் வெட்டிய எழுத்தின் வழிவந்த எழுத்தில்தான் பழைய மலாய் மொழியின் முதல் கல்வெட்டுகள் இருக்கின்றன. சுமத்ராவின் பாலெம்பாங் அருகே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு கி.பி. 683ஐச் சேர்ந்தது. அதில் வருகிற தலைவனை 'டபுந்தா ஹியாங்' என்று குறிக்கிறார்கள். அது மரியாதைப் பட்டம். மலாயில் நமக்குக் கிடைத்த முதல் வரிகளிலேயே ஒரு மேல்நோக்கிய விளி இருக்கிறது.

அதே ஊரில், அதே நூற்றாண்டின் இறுதியில் வெட்டப்பட்ட தெலாகா பத்து கல்வெட்டு இன்னும் நேரடியானது. துரோகம் செய்தால் சாபம் என்று யார் யாரையோ எச்சரிக்கிறது. இளவரசர்களில் தொடங்கி, அதிகாரிகள் வழியாக இறங்கி, அரசனின் வண்ணார், அரசனின் அடிமைகள் வரைக்கும் பட்டியல் போகிறது. யார் மேலே, யார் கீழே என்று கல்லில் எழுதிய ஏணி அது. வண்ணாரும் அடிமையும் கீழ்ப்படியில். நமக்குப் பழக்கமான காட்சிதான்.

அந்த ஏணி பேச்சிலும் இருந்தது. பழைய மலாயில் பணிவாக 'நான்' என்று சொல்ல 'ஹம்பா' என்றார்கள். அதன் பொருள் அடிமை. எதிரே இருப்பவரை 'துவான் ஹம்பா' என்றார்கள்: அடிமையாகிய என் எசமான். 'அடியேன்' என்று நாம் சொல்லவைக்கப்பட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சொல் 'சஹாயா'. நமக்குத் தெரிந்த 'சகாயம்' தான் அது. வடமொழியில் உடன் வருபவர், துணை. மலாயில் அது ஏவலாளாகவும் அடிமையாகவும் பொருள் கொண்டது. 'ஹம்பா சஹாயா' என்றால் அடிமைகள். பிறகு அதே சஹாயா தேய்ந்து 'சாயா' ஆயிற்று.

இன்று மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் மரியாதையாக 'நான்' என்று சொல்வதற்கு இருக்கும் சொல் அந்த சாயாதான். அமைச்சர் சொல்கிறார், தெருக்கூட்டுபவர் சொல்கிறார், நீதிபதி சொல்கிறார். ஒரு காலத்தில் கீழே இருப்பவன் மட்டும் தன்னைச் சொல்லிக்கொண்ட அடிமைச் சொல், எல்லோரும் சொல்லத் தொடங்கியதும் அடிமைத்தனத்தை உதிர்த்துவிட்டது. அடிமைச் சொல்லை ஒழிக்கப் பல நேரம் அதை எரிக்க வேண்டியதில்லை. மேலே இருப்பவனையும் சொல்லவைத்தால் போதும்.

இன்னொரு சொல்லைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் படியாள் ஆண்டையைப் பார்த்துச் சொன்ன 'சாமி' அங்கேயும் போயிருக்கிறது. 'சுவாமி' என்பது மலாயில் 'சுஆமி'. அதன் பொருள் கணவன். எசமான் என்ற சொல் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே சாதி இல்லை என்று மகிழ்ந்துகொண்டே இருந்தால் இதை நாம் பார்க்கத் தவறிவிடுவோம்.

துவானை இறக்கியவர்கள்

ஜாவா மொழியில் நிலைமை மலாயைவிடக் கடுமை. ஒரே பொருளுக்கு மேலோரிடம் பேச ஒரு சொல், கீழோரிடம் பேச ஒரு சொல் என்று அடுக்குகள் உண்டு. மேலே பார்த்துப் பேசுவது 'க்ரோமோ'. கீழேயும் சமமாகவும் பேசுவது 'ஙோக்கோ'. 1917இல் சுராபாயாவில் 'ஜாவா திபா' என்ற இயக்கம் தொடங்கியது. எல்லோரும் எல்லோரிடமும் ஙோக்கோ மட்டும் பேசுவோம் என்றது அது. மேலே ஏறிப் பேசவும் வேண்டாம், கீழே இறக்கவும் வேண்டாம். அந்த இயக்கம் ஜாவா மொழியை மாற்றிவிடவில்லை. ஆனால் 1928 அக்டோபர் 28 அன்று இளைஞர் மாநாடு நாட்டின் பொதுமொழியாக எடுத்துக்கொண்டது மிக அதிகமானோர் பேசிய ஜாவா மொழியை அல்ல. மலாயை, இந்தோனேசிய மொழி என்ற பெயரில். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, மலாயில் அந்தச் செங்குத்தான படிகள் இல்லை என்பது.

பிறகு விடுதலைப் போராட்டம் வந்தது. டச்சுக்காரரின் துவானை மறுத்தவர்கள் ஒருவரை ஒருவர் 'பூங்' என்றார்கள்: அண்ணன், தோழன். சுகர்னோ பூங் கர்னோ. ஹத்தா பூங் ஹத்தா. நாட்டின் தலைவனை அண்ணே என்று தெருவில் நிற்பவன் கூப்பிட்டான். மேடைகளில் 'சௌடாரா' என்ற சொல்லும் ஓங்கியது. அதுவும் நம் பக்கத்துச் சொல்தான்: சோதரர், ஒரே வயிற்றில் பிறந்தவர். 1957இல் ரோசிஹான் அன்வார் என்ற பத்திரிகையாசிரியர் தம் இதழின் வழியே 'அன்டா'வைப் பரப்பினார். யாரையும் ஏற்றாமல் இறக்காமல் சொல்லக்கூடிய பொதுவான 'நீங்கள்' வேண்டும் என்ற ஆசை அதன் பின்னால் இருந்தது. ஆசை பாதிதான் நிறைவேறியது. முனியம்மாவின் வங்கிப் படிவத்தில் நாம் பார்த்தோம்.

நமக்கு இது அந்நியமான வரலாறு அல்ல. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்குப் போனார். 1932இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பியதும், இனிப் பெயருக்கு முன்னால் 'தோழர்' என்றே சொல்வோம், எழுதுவோம் என்றார். 1967க்குப் பின் அண்ணாவின் ஆட்சி ஸ்ரீயையும் ஸ்ரீமதியையும் எடுத்துவிட்டுத் திருவையும் திருமதியையும் வைத்தது. விளிச்சொல்லை இயக்கம் மாற்ற முடியும், அரசும் மாற்ற முடியும் என்பதற்கு இரண்டு கரைகளிலும் சான்று உண்டு.

ஆனால் இந்தோனேசியக் கதை பூங்கோடு முடியவில்லை. பாபாக் மெதுவாக மேலே வந்து, பூங்கை ஓரத்தில் வைத்தது. சுகார்த்தோவின் முப்பதாண்டு ஆட்சியில் பாபாக் என்பது மரியாதையாக மட்டும் நிற்கவில்லை. 1983இல் அவருக்கு 'வளர்ச்சியின் தந்தை' என்று பட்டம் கொடுத்தார்கள். நாடு ஒரு குடும்பம், அதிபர் அப்பா, அப்பாவை எதிர்த்துப் பேசுவது பிள்ளைக்கு அழகல்ல. மக்கள் இதற்கு ஒரு கிண்டல் மொழி வைத்திருந்தார்கள்: 'அசால் பாபாக் செனாங்', அப்பாவுக்குச் சந்தோஷமாக இருந்தால் சரி. உண்மையை மறைத்து மேலதிகாரிக்கு இனிப்பாக அறிக்கை எழுதும் வழக்கத்துக்கு அதுவே பெயரானது. எசமான் என்ற சொல்லை எதிர்த்து நிற்பது எளிது. அப்பா என்ற சொல்லை எதிர்த்து நிற்பது கடினம். உறவுச் சொல் அன்பாகத்தான் வரும். வந்து வாயை மூடும்.

இரண்டு சோதனைகள்

அப்படியானால் ஒரு விளிச்சொல் நல்லதா கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லின் அகராதிப் பொருளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் இரண்டு சோதனைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, அந்தச் சொல் எங்கே போய் நிற்கிறது? மலாய்ப் பையனின் மாக்சிக் முனியம்மாவிடம் வந்து நிற்கவில்லை, அவரையும் தாண்டிப் போகிறது. தமிழில் உறவுச் சொல் இல்லாமலா போயிற்று? அண்ணே, அக்கா, பெரியப்பா, தாத்தா, ஆயா என்று மலாய்க்காரரைவிட நம்மிடம் அதிகம் உண்டு. பேருந்தில் முன்பின் தெரியாதவரை அண்ணே என்கிறோம். ஆனால் ஊருக்குள் அந்தச் சொல் சேரியின் எல்லையில் வந்து நின்றது. ஊர்ப் பிள்ளைக்கு ஊர்க் கிழவர் தாத்தா; சேரிக் கிழவர் வெறும் பெயர். சொல் குறைவாக இருந்தது நம் சிக்கலல்ல. சொல்லுக்கு வேலி போட்டதுதான் சிக்கல். செங்கல்பட்டில் யாரென்று தெரியாதபோது 'அண்ணே' என்றவர், எந்தத் தெரு என்று கேட்ட பிறகு 'வாப்பா' என்று இறங்குவதை நம்மில் பலர் காதால் கேட்டிருக்கிறோம். வேலி இன்னும் இருக்கிறது என்பதற்கு அந்த இறக்கம்தான் அடையாளம்.

இரண்டாவது, என்ன சொல் திரும்பி வருகிறது? ஜகார்த்தாவில் வீட்டுவேலை செய்யும் பெண் வீட்டம்மாவை இபு என்கிறார். அவருக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் இபு அல்ல. 'ம்பாக்' அல்லது 'பீபி', அக்கா அல்லது அத்தை. வசவு இல்லைதான். இருந்தாலும் போன சொல்லும் வந்த சொல்லும் ஒரே எடை இல்லை. கார் ஓட்டுகிறவரையும் முதலாளியையும் பாக் என்றே அழைக்கிற இடத்தில் எடை சமமாகிறது. நம் ஆண்டையையும் 'டா'வையும் இந்தத் தராசில் வைத்தால் முள் எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இரண்டு சோதனைகளிலும் தோற்ற ஒரு தமிழ்ச் சொல்லையும் நாம் நினைவுகூர வேண்டும். நம் 'தம்பி' கப்பலேறி மலாயா போயிற்று. காலனிக் காலத்துச் சிங்கப்பூர் அலுவலகங்களில் கடிதம் கொண்டுபோகிற, தேநீர் வாங்கி வருகிற ஏவலாளுக்குப் பெயர் 'தம்பி'. வயது ஐம்பதானாலும் அவர் தம்பிதான். நாம் பாசமாகச் சொன்ன உறவுச் சொல்லை அதிகாரம் எடுத்து வேலைக்குப் பெயராக வைத்தது. சொல் கீழே மட்டும் போனது. யாரும் அந்த மேசைக்குத் தம்பியாகத் திரும்பவில்லை. இன்று மலேசிய உணவகங்களில் எல்லா இனத்தாரும் பரிமாறுகிறவரை 'அண்ணே' என்று கூப்பிடுகிறார்கள். ஒரு படி ஏறியிருக்கிறது. அவருக்கு என்ன திரும்பி வருகிறது என்பதை அங்கே போகும் நம் மாணவர்கள் கவனித்துச் சொல்லட்டும்.

சட்டம் தொடாத இடம்

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015 திருத்தத்துக்குப் பின், பிரிவு 3(1)(ஆர்) பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட எந்த இடத்திலும் வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றம் என்கிறது. 3(1)(எஸ்) சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றம் என்கிறது. இவை போராடிப் பெற்றவை, காக்க வேண்டியவை. ஆனால் சாதிப் பெயர் சொல்லாமல், திட்டாமல், அறுபது வயதுக்காரரை 'வா, போ' என்று மட்டும் பேசுகிறவரை எந்தப் பிரிவில் எழுதுவது? 'நீங்கள்' என்பதைக் கொடுக்காமல் இருப்பதற்கு வழக்கு எண் கிடைக்காது. கொடுக்காமல் நிறுத்திவைப்பதுதான் சாதியின் அன்றாடப் பேச்சு. அதை நீதிமன்றத்தில் பிடிக்க முடியாத இடங்களில் பதிவில் பிடிக்க வேண்டும்.

ஆகவே இங்கே இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊரில் ஒரு தேநீர்க் கடை, ஒரு நியாயவிலைக் கடை, ஒரு பள்ளி, ஒரு கிராம நிர்வாக அலுவலகம் என்று நான்கு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாரம் கேளுங்கள். யார், யாரை, என்ன சொல்லி அழைத்தார். அவருக்கு என்ன சொல் திரும்பி வந்தது. வினையின் வால் 'ஆ'வா, 'ஈங்க'ளா. இருவரின் வயது ஏறத்தாழ என்ன. இந்த நான்கு பத்திகளை ஒரு நோட்டில் போட்டால் போதும். பெயர்களை எழுத வேண்டாம். நம் நோக்கம் ஆளைக் காட்டிக்கொடுப்பது அல்ல, வேலியைக் காட்டுவது. வயதுக்கு எதிராகச் சொல் ஓடுகிற இடங்களில் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளை வரிசையாக வைத்தால் ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கும் எல்லை தாளில் தெரியும்.

வீட்டில் இருக்கும் முதியவர்களிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள். ஆண்டை என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள், யாரிடம், எதனால் நிறுத்தினீர்கள்? பதிவேடுகள் அந்த நாளைக் குறிக்கவில்லை. மலாயாவிலிருந்து திரும்பிய உறவினர் உள்ள வீடுகளில், அங்கே உங்களை என்னவென்று அழைத்தார்கள் என்றும் கேளுங்கள். பாக்சிக் என்று ஒரு வேற்று இனப் பிள்ளை கூப்பிட்டதை எண்பது வயதிலும் மறக்காதவர்கள் நம் தெருக்களில் இருப்பார்கள்.

சாயா என்ற சொல்லை அமைச்சரும் தெருக்கூட்டுபவரும் சேர்ந்து சொல்ல நூற்றாண்டுகள் ஆயின. துவானை இறக்க ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது. 'வாங்க' என்ற ஒரு சொல்லைச் சேரிக்குள் கொண்டுவர எவ்வளவு காலம் ஆகும் என்று நம் நோட்டுகள் சொல்லட்டும். அடுத்த ஆண்டு இதே நாளில் அந்த நோட்டுகளை இந்த மேசையில் வைத்துப் பேசுவோம்.

ஜெய் பீம்.